போன வருடம் வெள்ளி ஜெயித்தது, என் 12 லட்சத்தையும் அதில் போடலாமா?

செக்காலை ரோடு · 3 ஜனவரி 2026, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து கிரயம் செய்து முடித்தோம், என் பங்காக 12 லட்சம் வந்திருக்கிறது. காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், கடைக்கு இந்தப் பணம் தேவையில்லை. பையன் எட்டாம் வகுப்பு, அவன் காலேஜுக்குத்தான் இது.

போன மாதம் பிள்ளையார் நோன்புக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தோம். இழை எடுத்துக்கொண்டு எல்லாரும் பட்டாலையில் உட்கார்ந்ததும் பேச்சு முழுக்க வெள்ளிதான். மச்சான் 2025 மார்ச்சில், சந்தையில் பங்கு மாதிரி வாங்கி விற்கிற வெள்ளி இ.டி.எஃப் வாங்கியிருக்கிறார், ஒன்பது மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. போனை நீட்டிக் காட்டினார், பச்சை எழுத்தில் அந்தத் தொகையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "சோலார் பேனலுக்கு வெள்ளி வேண்டும், எலெக்ட்ரிக் காருக்கு வெள்ளி வேண்டும், இது இன்னும் போகும், மொத்தத்தையும் போடு."

பங்குச் சந்தை எனக்குச் சரிவராது. 2018 ஜனவரியில் ஒரு ஏஜென்ட் வந்து, சின்னக் கம்பெனிப் பங்குகளில் போடுகிற ஸ்மால்கேப் ஃபண்ட் போன வருடம் 50 சதவீதத்துக்கு மேல் கொடுத்திருக்கிறது என்று பேப்பரைக் காட்டினார். 5 லட்சம் போட்டேன். 2020 மார்ச்சில் அது 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருந்தது, ஊரடங்கில் கடையும் பூட்டிக்கிடந்தது, பயந்துபோய் எடுத்துவிட்டேன். அதிலிருந்து எல்லாம் பேங்க் டெபாசிட்தான். அதனால் பங்கு வேண்டாம், வெள்ளி மட்டும் சொல்லுங்கள். மொத்தமாகப் போடலாமா, இரண்டு மூன்று தடவையாகப் போடலாமா?

---

கார்த்தி_டேட்டா · 3 ஜனவரி, இரவு 10.15

அண்ணே, மொத்தமாகவே போடலாம் என்பேன். ஏறுகிறது ஏறிக்கொண்டே இருக்கும் என்பது வெறும் பேச்சில்லை, பல நாட்டுச் சந்தைகளில் ஆராய்ச்சி செய்து பார்த்ததுதான். கடந்த பன்னிரண்டு மாதத்தில் நன்றாகப் போனது அடுத்த சில மாதமும் நன்றாகப் போகிற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். மொமென்டம் என்று தனி ஃபண்டே இருக்கிறது. தங்கம் 2019-ல் நன்றாக ஏறியது, 2020-லும் ஏறியது. ஸ்மால்கேப் 2023-ல் ஏறியது, 2024-லும் ஏறியது. ஜெயிக்கிற குதிரையை விட்டுவிட்டு நொண்டிக் குதிரையை ஏன் பிடிக்க வேண்டும்?

---

புதுவயல் மில் · 4 ஜனவரி, காலை 6.50

நான் ஷேர், ஃபண்ட் எதுவும் தெரியாதவன். அரிசி மில் வைத்திருக்கிறேன், விவசாயிகளை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். ஒரு வருடம் மிளகாய் நல்ல விலைக்குப் போனால் அடுத்த வருடம் ராமநாதபுரம் பக்கம் பார்க்கிற இடமெல்லாம் மிளகாய்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் அறுத்துக் கொண்டுவந்தால் விலை எப்படி நிற்கும்? அந்த வருடம் நொந்துபோய் மிளகாயை விடுகிறவன், அதற்கடுத்த வருடம் விலை ஏறும்போது கையில் மிளகாய் இல்லாமல் நிற்கிறான். வெள்ளி வேறு மாதிரியா என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

---

கோட்டையூர் கணக்கு · 4 ஜனவரி, காலை 9.05

செக்காலை தம்பி, நான் வங்கியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், அதில் கடைசிப் பதினொரு வருடம் வாடிக்கையாளர் முதலீடுகளைப் பார்க்கிற இடத்தில். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் இரண்டு விஷயம் சொன்னதாக நினைக்கிறீர்கள். எனக்கு அது ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது.

2018 ஜனவரியில் உங்களிடம் காட்டிய பேப்பரும், நோன்பு அன்றைக்கு மச்சான் காட்டிய போனும் ஒன்றுதான். இரண்டிலும் இருந்தது முடிந்துபோன வருடத்தின் ஏற்றம். இரண்டு தடவையும் உங்களுக்கு வந்த எண்ணமும் ஒன்றே, மொத்தத்தையும் அதில் போடுவது. 2020 மார்ச்சில் எடுத்தீர்களே, அதுவும் அதே பழக்கத்தின் மறுபக்கம்தான். அப்போது கண் முன்னால் இருந்தது சரிவு, அது இனி எப்போதும் தொடரும் என்று மனது நம்பியது. நீங்கள் எடுத்த அடுத்த வருடம், 2021-ல், அதே ஸ்மால்கேப் பங்குகளின் குறியீடான நிஃப்டி ஸ்மால்கேப் 100 சுமார் 59 சதவீதம் ஏறியது. "பங்கு எனக்குச் சரிவராது" என்று இன்றைக்கும் சொல்ல வைப்பது அந்த மார்ச் மாத நினைவு. பங்கின் குணத்தை நீங்கள் முழுதாகப் பார்க்கவே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். கார்த்தி தம்பி சொன்ன குதிரையை ஒருவர் வருடா வருடம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். மூன்றே மூன்று: பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி 50, நிஃப்டி ஸ்மால்கேப் 100, ரூபாயில் தங்கம். ஒவ்வொரு ஜனவரியிலும் போன வருடம் எது முதலிடமோ அதில் மொத்தப் பணமும். டிவிடெண்ட், வரி, செலவு எதையும் சேர்க்கவில்லை, சதவீதங்கள் முழு எண்ணாக்கியவை.

2017-ல் ஸ்மால்கேப் முதல், 57. அதை நம்பிப் போனவருக்கு 2018-ல் 29 நட்டம். அந்த வருடம் முதலிடம் தங்கத்துக்கு, ஆகவே தங்கத்துக்கு மாறுகிறார். 2019-ல் 24, 2020-ல் 28 லாபம், இங்கேதான் அவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. அதே தங்கத்தில் 2021-ல் நாலு நட்டம், ஸ்மால்கேப்போ 59 ஏறிவிட்டது. அதற்கு மாறுகிறார், 2022-ல் 14 நட்டம். மறுபடி தங்கம், 2023-ல் 15 லாபம், ஆனால் அந்த வருடம் ஸ்மால்கேப் 56. அதற்கு மாறி 2024-ல் 24 லாபம். 2025-லும் அதிலேயே இருந்து ஆறு நட்டம், தங்கம் சுமார் 75 ஏறிய வருடத்தில்.

எட்டு வருடத்தில் அவருடைய 1 லட்சம் 1 லட்சத்து 25 ஆயிரம் ஆகியிருக்கிறது. பேங்கில் சும்மா போட்டிருந்தாலும் இதைவிட அதிகம் வந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றுமே யோசிக்காமல் மூன்றிலும் மூன்றில் ஒரு பங்கு போட்டு, வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் திரும்பச் சமமாக்கியிருந்தால் சுமார் 3 லட்சத்து 8 ஆயிரம்.

இந்த வித்தியாசம் எங்கே இருந்து வந்தது என்று பாருங்கள், அதுதான் முக்கியம். துரத்தியவர் சரிவில் மாட்டியதால் மட்டும் இவ்வளவு பின்தங்கவில்லை. இந்த எட்டு வருடத்தின் பெரிய தாவல்கள் மூன்று: 2021-ல் ஸ்மால்கேப், 2023-ல் ஸ்மால்கேப், 2025-ல் தங்கம். மூன்றிலும் அவர் இல்லை. அந்தத் தாவல்கள் நடக்கத் தொடங்கிய ஜனவரியில் அவை முதலிடத்தில் இல்லை, அதனால் அவர் கண்ணில் படவில்லை. புதுவயல்காரர் சொன்ன, கையில் மிளகாய் இல்லாமல் நிற்கிற விவசாயி அவர்தான்.

---

கார்த்தி_டேட்டா · 4 ஜனவரி, காலை 11.30

ஐயா, கணக்கைச் சரிபார்த்தேன், பெருக்கல் சரிதான். ஆனால் இரண்டு எதிர்ப்பு. ஒன்று, 2018-லிருந்து ஆரம்பித்ததால் முதல் வருடமே 29 அடி. இரண்டு, சமமாகப் பிரித்தவருக்கு 2025 தங்கம் கைகொடுத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டால்?

---

கோட்டையூர் கணக்கு · 4 ஜனவரி, மதியம் 12.20

நல்ல கேள்வி, இப்படித்தான் கேட்க வேண்டும். 2018-ஐ விட்டுவிட்டு 2019-ல் ஆரம்பித்தால் துரத்தியவருக்கு 1.76 லட்சம், பிரித்தவருக்கு 3.28. 2018-ல் ஆரம்பித்து 2024-ஓடு நிறுத்தினால் 1.33-க்கு எதிராக 2.44. இடைவெளி சுருங்குகிறது, மறையவில்லை.

மொமென்டம் பொய் என்று நான் சொல்லவில்லை தம்பி. நீங்கள் படித்த ஆராய்ச்சியில் மாதா மாதம் பார்த்து, விதிப்படி வாங்கி, விதிப்படி விற்பார்கள். வரிசையில் மேலே வந்ததை வாங்குவார்கள், பின்தங்கினால் விதிப்படி வெளியே. வருடம் முழுக்க ஏறி முடிந்து, சொந்தக்காரர் போனை நீட்டுகிற வரைக்கும் காத்திருந்து வாங்கி, எப்போது விற்பது என்று எதுவும் எழுதி வைக்காமல் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. செக்காலை தம்பி கேட்டது இந்த இரண்டாவதைத்தான்.

---

பள்ளத்தூர் மீனாள் · 4 ஜனவரி, மாலை 4.10

நானும் இதில் அடிபட்டவள், சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் தங்கம் பத்து கிராம் 55,000-ஐத் தாண்டியபோது, ஃபண்டில் இருந்த 3 லட்சத்தை எடுத்து கோல்டு இ.டி.எஃப் வாங்கினேன். 2021 மார்ச்சில் 45,000-க்கு வந்துவிட்டது. எல்லாரும் பங்குச் சந்தையைப் பற்றியே பேசினார்கள், எனக்கு மட்டும் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. விற்றுவிட்டுத் திரும்ப ஃபண்டுக்குப் போனேன். இன்றைக்கு அந்தத் தங்கம் 1,30,000-க்கு மேல். நான் எடுத்த முடிவு ஒவ்வொன்றும் அந்த நாளில் எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தது, அதுதான் மனதைப் போட்டு அறுக்கிறது.

ஆனால் என் இன்றைய கேள்வி வேறு. மகளுக்கு 2028-ல் கல்யாணம் பேசலாம் என்று இருக்கிறோம். நம் பக்கத்து வழக்கப்படி வெள்ளிச் சாமான் வைக்க வேண்டும். குத்துவிளக்கு, குடம், தட்டு, செம்பு என்று குறைத்துக் குறைத்துப் போட்டாலும் நாலு கிலோ வந்துவிடுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் போன வருடம் ஏறிவிட்டதால் இப்போது வெள்ளி வாங்கவே கூடாதா? வீட்டில் இருக்கிற நகையையும் பிரித்துச் சமமாக்க விற்க வேண்டுமா?

---

கோட்டையூர் கணக்கு · 4 ஜனவரி, மாலை 5.35

இல்லை ஆச்சி, நகையைத் தொடவே வேண்டாம். உடுத்துகிற நகை, சாமி அறை வெள்ளி, பெட்டகத்தில் இருக்கிற சீர்ச் சாமான் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதை விற்கப்போவதில்லை என்று தெரிந்தே வைத்திருக்கிறோம், விற்றாலும் கூலியும் சேதாரமும் போய்விடும்.

வெள்ளி வாங்குவதிலும் உங்கள் நிலை செக்காலை தம்பிக்கு நேர் எதிர். உங்களுக்கு வேண்டியது நாலு கிலோ வெள்ளி, ரூபாய் இல்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் 2028-ல் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்டவருக்கு வெள்ளி வாங்காமல் இருப்பதுதான் ஆபத்து. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ரூபாய்க் கணக்கில் இல்லாமல் எடைக் கணக்கில், 400 கிராம் 400 கிராமாகச் சேர்த்தால் இரண்டரை வருடத்தில் நாலு கிலோ முடிந்துவிடும். விலை பாதியானால் "ஐயோ" என்று தோன்றும், ஆனால் மீதியைப் பாதி விலைக்கு வாங்குவீர்கள். செக்காலை தம்பிக்கோ 2030-ல் வேண்டியது காலேஜ் ஃபீஸ், அதை வெள்ளியில் வாங்க மாட்டார்கள்.

---

செக்காலை ரோடு · 4 ஜனவரி, இரவு 8.45

ஐயா, ஆகஸ்டில் வாங்கிய மீனாள் ஆச்சியும், 2018-ல் நானும் ஒரே தப்பு என்று புரிகிறது. ஆனால் வெள்ளியை நீங்கள் அந்த மூன்றில் சேர்க்கவே இல்லையே. வெள்ளிக்கு உண்மையான தேவை இருக்கிறது என்று மச்சான் சொல்வது தப்பா? கடையில் சோலார் சாமான் விற்கிறவன் நான், தேவை ஏறுவதை நேரிலேயே பார்க்கிறேன்.

---

கோட்டையூர் கணக்கு · 5 ஜனவரி, காலை 8.15

தேவை இருப்பது உண்மை. சோலாருக்கும் மின்சாமான்களுக்கும் வெள்ளி போகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், உலகம் முழுக்க வெள்ளி வாங்கி விற்கிறவர்களுக்கும் தெரியும். இரண்டு மடங்கான விலைக்குள்ளேயே அந்தக் கதை உட்கார்ந்திருக்கிறது. கதை சரியா என்று கேட்பதோடு, இந்த விலைக்குச் சரியா என்றும் கேட்க வேண்டும். அதற்கு நிச்சயமான பதில் என்னிடம் இல்லை, மச்சானிடமும் இருக்க முடியாது.

வெள்ளியின் குணம் மட்டும் சொல்கிறேன். 2010-ல் டாலரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2011 ஜனவரியில் ஒருவர் போன வருட ஏற்றத்தைப் பார்த்து வாங்கினால் கிலோ 45,000 சுற்றி. ஏப்ரலில் 73,000-ஐத் தாண்டியது. அந்த நாலு மாதத்தில் அவர் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போனைக் காட்டியிருப்பார், இன்னும் பணம் போட்டிருப்பார். 2015 கடைசியில் கிலோ 33,000 பக்கம். அந்த 73,000-ஐ மறுபடி பார்த்தது 2020 ஆகஸ்டில். ஒன்பது வருடத்துக்கு மேல். உங்கள் பையன் எட்டாம் வகுப்பு.

துரத்துவது உடனே அடித்துவிட்டால் நாம் எல்லாரும் ஒரே தடவையில் திருந்தியிருப்போம். பல நேரம் முதலில் லாபம் காட்டும். அந்த லாபத்தில்தான் தொகை பெரிதாகிறது.

இன்னொன்று, போன அக்டோபரை மறக்க வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் வெள்ளி இ.டி.எஃப்களை எல்லாரும் போட்டிபோட்டு வாங்கியதில், யூனிட்டின் சந்தை விலை உள்ளே இருக்கிற வெள்ளியின் மதிப்பைவிடப் பத்து சதவீதம் வரைக்கும் கூடப் போனது. சில ஃபண்ட் நிறுவனங்கள் வெள்ளி ஃபண்டில் மொத்தமாகப் பணம் வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. தீபாவளி முடிந்ததும் வெள்ளி விலையும் இறங்கியது, அந்தக் கூடுதல் பத்தும் காணாமல் போனது. அந்த வாரம் வாங்கியவருக்கு இரண்டு அடி. வாங்கியே தீருவதானால் உள்ளே இருக்கிற வெள்ளியின் மதிப்பைக் காட்டி ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் `iNAV` என்று ஓடுகிற எண்ணைப் பாருங்கள், சந்தை விலை அதைவிட ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் கூட இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

---

கடியாபட்டி அப்பச்சி · 5 ஜனவரி, காலை 10.00

பிள்ளைகள் பேசுவதைப் படித்தேன். எங்கள் ஐயா காலத்துப் பர்மா ஞாபகம் வந்தது. நெல் விலை வருடா வருடம் ஏறுகிறது என்று அத்தனை பணமும் நெல் நிலத்தை நம்பிக் கடனாகப் போயிற்று. 1930-ஐ ஒட்டி விலை விழுந்தது, கடன் வாங்கியவன் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுத்தான். 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நம் செட்டியார்கள் கையில். பிறகு 1942-ல் ஜப்பான் வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிலேயே போடாதீர்கள்.

---

கோட்டையூர் கணக்கு · 5 ஜனவரி, காலை 10.50

ஐயா சொல்வது பெரிய பாடம், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நிலம் அவர்கள் துரத்தி வாங்கியதில்லை, கடன் திரும்பாமல் கைக்கு வந்தது. ஒரே ஊரில், ஒரே பயிரில் எல்லாம் மாட்டியது வேறு நோய். நெல் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கடன் கொடுத்தது மட்டும் நாம் இங்கே பேசுகிற நோயோடு சேரும். எனக்கு ஐயாவிடம் பிடித்த இன்னொரு விஷயம், அந்தக் காலத்து வட்டிக்கடைகளில் ஐந்தொகை போடுவார்கள். எந்த இனத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே தாளில் தெரியும். அதைத்தான் செக்காலை தம்பி முதலில் செய்ய வேண்டும்.

---

செக்காலை ரோடு · 5 ஜனவரி, மதியம் 2.30

செய்கிறேன் ஐயா. ஆனால் எப்படி என்று படி படியாகச் சொல்லுங்கள். ஆப்பில் பார்த்தால் எல்லாமே ஒரு வருட ரிட்டர்ன் வரிசையில்தான் நிற்கிறது. ஐந்து வருட ரிட்டர்ன் பார்த்தால் போதுமா? அதில் தங்கம் 20-க்கு மேல் காட்டுகிறது, ஐந்து வருடம் என்றால் நம்பலாம் இல்லையா?

---

கோட்டையூர் கணக்கு · 5 ஜனவரி, இரவு 7.20

அந்த ஐந்து வருட எண்ணுக்குள்ளும் போன வருடம்தான் ஒளிந்திருக்கிறது. 2024 கடைசியில் நின்று பார்த்திருந்தால் தங்கத்தின் ஐந்து வருடச் சராசரி சுமார் 14. ஒரே வருடம் நகர்ந்து 2025 கடைசியில் பார்த்தால் சுமார் 22. நாலு வருடம் இரண்டிலும் பொது, 28 ஏறிய 2020 வெளியே போய் 75 ஏறிய 2025 உள்ளே வந்தது மட்டும்தான் மாற்றம். அதே தங்கம் 2012 கடைசியில் பத்து கிராம் 31,000 சுற்றி இருந்து, 2018 கடைசியிலும் 31,000 சுற்றியே இருந்தது, நடுவில் 25,000-க்குப் போய் வந்தது. ஆறு வருடம். எந்த நாளில் நின்று திரும்பிப் பார்க்கிறோமோ அந்த நாளின் நிறம் எல்லா வருடத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது.

அதனால் ரிட்டர்ன் பட்டியலை விட்டுவிட்டு, பங்கு விகிதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். உங்களுக்கு நான் நினைப்பது: பாதி நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்ட், 30 சதவீதம் பேங்க் டெபாசிட், 20 சதவீதம் தங்கம். ரூபாயில் 6 லட்சம், 3.6 லட்சம், 2.4 லட்சம். இது வேதம் இல்லை, 40-40-20 என்றாலும் சரி. எண் எது என்பதைவிட, இன்றைக்கே தாளில் எழுதித் தேதி போட்டு வைப்பது முக்கியம். மச்சான் அடுத்த நோன்புக்கு வேறு எதையாவது காட்டும்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் பாருங்கள். எந்த இனமாவது தன் விகிதத்திலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கை வையுங்கள்.

2025 மாதிரி ஒரு வருடம் வந்தால் என்ன நடக்கும் என்று காட்டுகிறேன். நிஃப்டி பத்து ஏறி 6.6 லட்சம், டெபாசிட் ஏழு சேர்ந்து 3.85, தங்கம் 75 ஏறி 4.2. மொத்தம் 14.65 லட்சம். தங்கம் இப்போது 20 இல்லை, கிட்டத்தட்ட 29 சதவீதம். ஐந்து புள்ளியைத் தாண்டிவிட்டது. 20 சதவீதம் என்றால் 2.93 லட்சம்தான் இருக்க வேண்டும், ஆகவே 1.27 லட்சத்துக்குத் தங்கம் விற்க வேண்டும். அதில் 72,000 பக்கம் இன்டெக்ஸ் ஃபண்டுக்கு, மீதி டெபாசிட்டுக்கு.

அன்றைக்குச் செய்யவே மனது வராது. ஜெயித்ததை விற்று, வெறும் பத்து ஏறியதை வாங்குகிறோம். ஊரே தங்கத்தைப் பற்றிப் பேசும்போது நீங்கள் மட்டும் விற்பீர்கள். அந்தச் சங்கடம் வரவில்லை என்றால் விதியைச் சரியாகப் பின்பற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விற்ற பிறகும் 2.93 லட்சம் தங்கத்திலேயே இருக்கிறது, அது இன்னும் ஏறினாலும் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

வரி: கோல்டு இ.டி.எஃப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். மேலே விற்றதில் லாபம் சுமார் 54,000, வரி 7,000 பக்கம். ஒரு வருடம் முடியும் முன்னால் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம் அப்படியே விழும், அதனால் தேதியைப் பார்த்துச் செய்யுங்கள். புதிதாகப் பணம் வரும் வருடத்தில் விற்காமல், குறைந்திருக்கிற இனத்தில் அந்தப் பணத்தைப் போட்டே சரிக்கட்டலாம், வரியே வராது.

வெள்ளி ஆசை போகவில்லை என்றால் அந்த 20-க்குள்ளேயே ஐந்து வைத்துக்கொள்ளுங்கள், 60,000. வாங்குவதற்கு முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் வெள்ளி 20 சதவீதம் இறங்கியிருந்தாலும் இதே 60,000-க்கு வாங்குவேனா? இல்லை என்று தோன்றினால் நீங்கள் வாங்குவது வெள்ளியை அல்ல, போன வருடத்தை.

---

கார்த்தி_டேட்டா · 5 ஜனவரி, இரவு 10.40

ஐயா எழுதியதைப் படித்ததும் என் சொந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 2021-லிருந்து எட்டுத் தடவை ஃபண்டு மாறியிருக்கிறேன், ஐ.டி. ஃபண்ட், மிட்கேப், டிஃபன்ஸ் என்று. எல்லாரும் செய்து பார்க்கலாம், எக்செல்லில் A பத்தியில் தேதி, B பத்தியில் தொகை, போட்டதெல்லாம் கழித்தல் குறியோடு, எடுத்ததெல்லாம் குறியில்லாமல், கடைசி வரிசையில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும், 20-க்குப் பதில் உங்கள் கடைசி வரிசை எண்:

```
=XIRR(B2:B20, A2:A20)
```

எனக்கு வருடத்துக்கு 8.1 சதவீதம் வந்தது. அப்புறம் அதே தேதிகளில் அதே தொகையை நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் என்று அந்தந்த நாளின் யூனிட் மதிப்பான பழைய என்.ஏ.வி எடுத்துப் போட்டேன், 12.6. நான் மாறிய ஃபண்டுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதிக்கு மேல் நிஃப்டியைவிட நன்றாகத்தான் ஓடியிருக்கின்றன. நான் உள்ளே இருந்த மாதங்களில் மட்டும் ஓடவில்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

ஆனாலும் விதிப்படி மாதா மாதம் பார்க்கிற மொமென்டத்தை நான் விடவில்லை. என் பணத்தில் பத்து சதவீதத்துக்கு மட்டும் எழுதி வைத்துச் செய்து பார்க்கப்போகிறேன்.

செக்காலை அண்ணே, ஒரு விஷயம் மட்டும். அந்த 6 லட்சத்தை மொத்தமாக இன்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள், சராசரியாகப் பார்த்தால் தவணையைவிட அதுதான் அதிகம் தரும்.

---

கோட்டையூர் கணக்கு · 6 ஜனவரி, காலை 7.30

சராசரிக்குத் தம்பி சொல்வது சரி. ஆனால் இவர் 2020 மார்ச்சில் எடுத்தவர். மொத்தமாகப் போட்ட மூன்றாம் மாதம் 20 சதவீதம் இறங்கினால் மறுபடி எடுத்துவிடுவார், அந்த நட்டத்தை எந்தச் சராசரியும் ஈடுகட்டாது. மாதம் 50,000 வீதம் பன்னிரண்டு மாதம். கொஞ்சம் லாபம் குறையலாம், அதைத் தெரிந்தே கொடுக்கிறோம்.

---

பள்ளத்தூர் மீனாள் · 6 ஜனவரி, காலை 9.15

கார்த்தி தம்பி சொன்ன கணக்கை மகள் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாள். எனக்கு 5.4. பேங்க் டெபாசிட்டை விடக் குறைவு. இனி 400 கிராம் கணக்கு மட்டும்தான். கட்டியாக வாங்கிச் சேர்ப்பதா, இ.டி.எஃப்பில் சேர்த்துக் கல்யாணத்துக்கு முன்னால் விற்றுச் சாமான் வாங்குவதா என்று இன்னும் தெளிவில்லை, கட்டியென்றால் ஜி.எஸ்.டி 3 சதவீதம் இரண்டு தடவை வந்துவிடுமோ என்று யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

செக்காலை ரோடு · 6 ஜனவரி, இரவு 9.50

எழுதிவிட்டேன். கடை பில் புக்கின் பின்பக்கத்தில் 50, 30, 20 என்று போட்டு, கீழே தேதி போட்டு, வீட்டுக்காரியையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். வெள்ளிக்கு 60,000 என்று எழுதி, ஐயா கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன், பிறகு 30,000 என்று திருத்தினேன். அதற்கும் முழு மனதாக ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, ஆனால் சுத்தமாக விடவும் முடியவில்லை.

பார்க்கிற நாள் பிள்ளையார் நோன்புக்கு மறுநாள். எல்லாரும் பேசி முடித்திருப்பார்கள், எது போன வருடம் ஜெயித்தது என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், அன்றைக்கே தாளை எடுக்கிறேன். மச்சானிடம் சொன்னேன், அவர் பாதியையாவது வெளியே எடுப்பாரா என்றால் மாட்டேன் என்கிறார். அவரையும் இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

முதல் 50,000 நாளைக்கு.